ஓண வாரத்து ஸ்பிரிண்டில் குழுவின் கொள்ளளவைக் கணக்கிடுவது எப்படி

களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் நாகர்கோவிலில் ஓர் அலுவலகம், அந்தப் பக்கம் திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் இன்னோர் அலுவலகம், இரண்டுக்கும் சேர்த்து ஒரே மென்பொருள் குழு என்ற அமைப்பில் நான் பல ஆண்டுகளாகத் திட்டமிடல் கூட்டங்களை நடத்தி வருகிறேன். எழுபது கிலோமீட்டருக்குள் இருக்கும் இந்த இரண்டு ஊர்களுக்கும் விடுமுறைப் பட்டியல் ஒன்றாக இருப்பதில்லை. ஓணம், பொங்கல், விஷு ஆகியவை வரும் ஸ்பிரிண்டுகளில், அதாவது இரண்டு வார வேலைச் சுற்றுகளில், எத்தனை வேலையை ஒப்புக்கொள்ளலாம் என்ற கேள்விக்குக் கூட்டத்தில் மூன்று பேர் மூன்று விடை சொல்வார்கள். அந்த விடைகள் ஏன் வேறுபடுகின்றன, சரியான விடையை எந்த வரிசையில் கழித்து அடைய வேண்டும் என்பதை, 2025 செப்டம்பர் 1 திங்கள் முதல் 12 வெள்ளி வரையிலான ஒரு ஸ்பிரிண்டை எடுத்துக்கொண்டு இங்கே விளக்குகிறேன். நாட்களும் பண்டிகைகளும் உண்மையானவை. குழுவின் எண்கள் விளக்கத்துக்காக நான் அமைத்தவை.

குழுவில் ஆறு பேர் இருக்கிறார்கள். திருவனந்தபுரத்தில் மூத்த பின்தள நிரலாளர், இளைய பின்தள நிரலாளர், சோதனையாளர் என மூவர். நாகர்கோவிலில் ஒரு பின்தள நிரலாளரும் இரண்டு முகப்பு நிரலாளர்களும். ஸ்பிரிண்டில் பத்து வேலை நாட்கள் இருப்பதால், எதையும் கழிக்காமல் பார்த்தால் 60 ஆள்நாட்கள் கிடைக்கின்றன.

முதலில் விடுமுறை, அதுவும் அலுவலகம் வாரியாக

முதல் ஓணமான உத்திராடம் செப்டம்பர் 4 வியாழன், திருவோணம் 5 வெள்ளி. கேரளத்தில் இரண்டு நாளும் விடுமுறை. தமிழ்நாட்டில் 5ஆம் தேதி மிலாது நபிக்காக அரசு விடுமுறை. ஆகவே வெள்ளிக்கிழமை வெவ்வேறு காரணங்களால் இரு அலுவலகங்களும் மூடியிருக்கும். வியாழக்கிழமை நாகர்கோவில் மட்டும் இயங்கும். திருவனந்தபுரத்தில் ஒருவருக்கு 8 நாட்கள், நாகர்கோவிலில் ஒருவருக்கு 9 நாட்கள் என மொத்தம் 51 ஆள்நாட்கள் மீதமாகின்றன. "ஓணம் இரண்டு நாள்" என்று ஆறு பேருக்கும் சேர்த்துப் பன்னிரண்டைக் கழித்தால் மூன்று ஆள்நாட்கள் வீணாகத் தொலைகின்றன.

இங்கே எல்லைப் பகுதிக்கே உரிய ஒரு குழப்பத்தைச் சொல்ல வேண்டும். கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்த நவம்பர் 1, கோட்டாறு சவேரியார் பேராலயத் திருவிழா நடக்கும் டிசம்பர் 3, ஓணம் போன்ற நாட்களுக்கு மாவட்ட ஆட்சியர் உள்ளூர் விடுமுறை அறிவிப்பதும், அதற்கு ஈடாக ஒரு சனிக்கிழமையை வேலை நாளாக வைப்பதும் வழக்கம். அவ்வாறே பொங்கலுக்குத் திருவனந்தபுரம், பாலக்காடு, இடுக்கி உள்ளிட்ட கேரளத்தின் எல்லை மாவட்டங்களில் உள்ளூர் விடுமுறை விடுவதும் உண்டு. இந்த அறிவிப்புகள் அரசு அலுவலகங்களுக்கும் கல்வி நிலையங்களுக்கும் உரியவை. தனியார் நிறுவனத்தின் கணக்கில் அவை சேர வேண்டுமானால் அந்நிறுவனத்தின் ஆண்டு விடுமுறைப் பட்டியலில் இடம்பெற்றிருக்க வேண்டும். நாட்காட்டியில் சிவப்பாக இருக்கிறது என்பதற்காகக் கழிக்கக் கூடாது. ஆனால் பிள்ளைகளுக்குப் பள்ளி இல்லாத அந்த நாளில் பெற்றோர் விடுப்பு எடுக்க வாய்ப்பு அதிகம் என்பதால், பட்டியலில் இல்லாத நாளைப் பற்றியும் குழுவிடம் ஒருமுறை கேட்டுவிடுவது நல்லது. மார்த்தாண்டத்தில் குடியிருந்து டெக்னோபார்க்குக்கு ரயிலில் போய்வருபவருக்கு, வீடு எந்த மாநிலத்தில் இருந்தாலும், சம்பளம் தரும் அலுவலகத்தின் பட்டியலே பொருந்தும்.

அடுத்தது விடுப்பு: விண்ணப்பத்தில் இருக்கும் நாட்களும் இழக்கும் நாட்களும் ஒன்றல்ல

சோதனையாளர் செப்டம்பர் 3 முதல் 8 வரை ஊருக்குப் போவதாக எழுதியிருக்கிறார். நாட்காட்டியில் அது ஆறு நாட்கள். அவற்றுள் 4, 5 ஆகியவை முன்பே கழித்த விடுமுறைகள். 6, 7 சனி ஞாயிறு. எனவே புதிதாக இழப்பது 3 புதன், 8 திங்கள் என இரண்டே நாட்கள். ஒரே நாளை இரண்டு தலைப்பில் கழிப்பதுதான் இந்தக் கணக்கில் நான் மிக அதிகமாகக் காணும் பிழை. விடுமுறையை முதலில் கழித்துவிட்டு, எஞ்சிய வேலை நாட்களில் மட்டும் விடுப்பைத் தேட வேண்டும் என்று நான் வரிசையை வற்புறுத்துவது இதனால்தான்.

விரிதாளில் இரு அலுவலகங்களுக்கும் தனித்தனி விடுமுறைப் பட்டியலை வைத்து, விடுப்பின் தொடக்க நாளும் இறுதி நாளும் இருக்கும் கட்டங்களைக் கீழ்க்கண்டவாறு கொடுத்தால் சனி, ஞாயிறு, விடுமுறை மூன்றும் தானாக நீங்கிவிடும்.

```
=NETWORKDAYS(C5, D5, Holidays_TVM)
```

இதில் C5இல் செப்டம்பர் 3, D5இல் செப்டம்பர் 8 இருந்தால் விடை 2 என்று வரும். நாகர்கோவில் ஊழியருக்கு அந்த ஊரின் பட்டியலைக் கொடுக்க வேண்டும். இந்தச் சூத்திரம் சனிக்கிழமையை எப்போதும் ஓய்வு நாளாகவே கொள்வதால், உங்கள் அலுவலகம் ஈடு செய்யும் சனிக்கிழமையில் இயங்குமானால் அந்த ஒரு நாளைக் கையால் கூட்ட வேண்டும். ஸ்பிரிண்டின் எல்லைக்கு வெளியே நீளும் விடுப்பை ஸ்பிரிண்டின் முதல் நாளிலும் கடைசி நாளிலும் வெட்டிக்கொள்ள வேண்டும்.

மற்ற விடுப்புகளைப் பார்ப்போம். முகப்பு நிரலாளர்களில் ஒருவருக்கு 9ஆம் தேதி அரை நாள். மற்றவருக்கு வீட்டில் ஆவணி மாதத் திருமணம், 11, 12 இரண்டு நாட்கள். எல்லாம் சேர்ந்து 4.5. மீதம் 46.5 ஆள்நாட்கள்.

சப்போர்ட் டூட்டி: முழு ஆளைக் கழிக்காதீர்கள், ஒன்றுமே கழிக்காமலும் இருக்காதீர்கள்

இந்தக் குழுவில் பின்தள நிரலாளர்கள் வாரம் ஒருவராகச் சப்போர்ட் பார்க்கிறார்கள். வாடிக்கையாளர் அனுப்பும் டிக்கெட்டுகளைப் படிப்பது, பதிவுகளைத் தேடுவது, அவசரத் திருத்தம் செய்வது எல்லாம் அவருடைய பொறுப்பு. சப்போர்ட்டில் இருப்பவர் அன்று திட்டமிட்ட வேலையில் எவ்வளவு செய்ய முடியும் என்பதை ஊகித்துச் சொல்லக் கூடாது. அளந்துதான் சொல்ல வேண்டும். அளப்பது கடினமல்ல. டூட்டியில் இருப்பவர் மாலையில் ஒரே ஒரு எண்ணைக் குறித்து வைக்க வேண்டும்: இன்று ஸ்பிரிண்ட் வேலைக்கு நாளில் எத்தனை பங்கு கிடைத்தது? ஒன்றும் இல்லை, கால், அரை, முக்கால், முழுவதும் என்ற ஐந்து அளவு போதும். டிக்கெட்டுக்குச் செலவான நிமிடங்களைக் கூட்டினால் உண்மையான இழப்பு தெரியாது. இருபது நிமிட டிக்கெட் ஒன்று நடுவில் வந்து, கையில் இருந்த சிக்கலான வேலையின் இழை அறுந்துபோனால், அதை மறுபடி பிடிப்பதற்கான நேரம் எந்தப் பதிவிலும் வராது. மாலையில் எழுதும் பங்கில் அதுவும் அடங்கிவிடும். ஆறேழு வாரக் குறிப்புகள் சேர்ந்தால் சராசரி ஓரளவு நிலைபெறும். நம் குழுவுக்கு அது 0.4 என்று கொள்வோம்; அதாவது ஒரு சப்போர்ட் நாளில் இழப்பு 0.6.

இனி டூட்டியை நாட்களில் வைத்துப் பார்க்க வேண்டும். முதல் வாரம் திருவனந்தபுரத்து மூத்தவருடையது. அவர் 1, 2, 3 தேதிகளில் மட்டுமே அலுவலகத்தில் இருப்பார். வாடிக்கையாளர்கள் வெளிநாட்டில் இருப்பதால் அவர்களுக்கு ஓணம் இல்லை. எனவே 4ஆம் தேதி நாகர்கோவில் பின்தள நிரலாளர் டூட்டியை ஏற்கிறார். 5ஆம் தேதி இரு ஊருக்கும் விடுமுறை என்றாலும் யாராவது ஒருவர் இருந்தாக வேண்டும். அதையும் அவரே ஏற்று, அதற்கு ஈடாக 8ஆம் தேதி காம்ப் ஆஃப் எடுக்கிறார். இரண்டாம் வாரம் முழுவதும் இளைய பின்தள நிரலாளர் பார்க்கிறார்.

5ஆம் தேதி வேலை செய்ததால் குழுவுக்கு ஒரு நாள் கூடியதாக எண்ணக் கூடாது. அன்று அவர் டிக்கெட்டுகளுக்காக மட்டுமே இருக்கிறார். ஆனால் 8ஆம் தேதி காம்ப் ஆஃபால் ஒரு நாள் உறுதியாகக் குறைகிறது. விடுமுறை நாள் சப்போர்ட்டுக்குப் பின்னால் எப்போதும் ஒரு காம்ப் ஆஃப் நிழல் போல வரும். திட்டமிடல் கூட்டத்திலேயே அதற்குத் தேதி குறித்துவிடுங்கள். குறிக்காமல் விட்டால் ஸ்பிரிண்டின் கடைசி இரண்டு நாட்களில்தான் அது கேட்கப்படும், அப்போது மறுக்கவும் மனம் வராது. மறுப்பது நியாயமும் அல்ல. பண்டிகை நாளை விட்டுக்கொடுத்தவருக்கு உரிய நாள் அது.

மூத்தவருக்கு மூன்று சப்போர்ட் நாட்கள், இழப்பு 1.8. நாகர்கோவில்காரருக்கு ஒரு சப்போர்ட் நாள் 0.6, காம்ப் ஆஃப் 1. இளையவருக்கு ஐந்து நாட்கள், இழப்பு 3.0. மொத்தம் 6.4. இறுதிக் கணக்கு இவ்வாறு அமைகிறது:

| யார் | வேலை நாள் | விடுப்பு, காம்ப் ஆஃப் | சப்போர்ட் இழப்பு | நிகர நாள் |
|---|---|---|---|---|
| மூத்த பின்தளம், திருவனந்தபுரம் | 8 | 0 | 1.8 | 6.2 |
| இளைய பின்தளம், திருவனந்தபுரம் | 8 | 0 | 3.0 | 5.0 |
| சோதனையாளர், திருவனந்தபுரம் | 8 | 2 | 0 | 6.0 |
| பின்தளம், நாகர்கோவில் | 9 | 1 | 0.6 | 7.4 |
| முகப்பு 1, நாகர்கோவில் | 9 | 0.5 | 0 | 8.5 |
| முகப்பு 2, நாகர்கோவில் | 9 | 2 | 0 | 7.0 |
| மொத்தம் | 51 | 5.5 | 5.4 | 40.1 |

கழிக்கும் வரிசையை மீறினால் என்ன ஆகும் என்று ஒரு முறை பாருங்கள். ஓணத்துக்கு எல்லாருக்கும் இரண்டு நாள், சோதனையாளருக்கு ஆறு நாள் விடுப்பு, முகப்பு நிரலாளர்கள் இருவரின் விடுப்பு 2.5 நாள், சப்போர்ட்டுக்கு ஒரு முழு ஆள் பத்து நாள் என்று கழித்தால் 60இலிருந்து 29.5க்கு இறங்கிவிடுகிறது. உண்மையைவிடப் பத்து நாட்களுக்கு மேல் குறைவு. கிட்டத்தட்ட ஒருவருடைய முழு ஸ்பிரிண்ட் அது.

நாட்களை ஸ்டோரி பாயிண்ட் ஆக்குவது

ஸ்டோரி என்பது முடிக்க வேண்டிய ஒரு வேலைத் துண்டு, பாயிண்ட் என்பது அதன் அளவு. கடந்த ஐந்து ஸ்பிரிண்டுகளின் நிகர நாட்கள் 50, 47, 52, 44, 51 என்றும், முடித்த பாயிண்டுகள் 33, 30, 31, 29, 36 என்றும் கொள்வோம். நாட்களின் கூட்டல் 244, பாயிண்டுகளின் கூட்டல் 159. ஒரு நிகர நாளுக்கு ஏறத்தாழ 0.65 பாயிண்ட். இதை 40.1ஆல் பெருக்கினால் 26 வருகிறது. ஐந்தில் மிகவும் தாழ்ந்த ஸ்பிரிண்டின் விகிதம் 31ஐ 52ஆல் வகுத்தால் கிடைக்கும் 0.6, அதன்படி 24. ஆகவே 24க்கும் 26க்கும் இடையில் ஒப்புக்கொள்ளலாம். விடுமுறையைப் பாராமல், ஒரு ஸ்பிரிண்டில் முடித்த பாயிண்டுகளான வெலாசிட்டியின் சராசரியை மட்டும் எடுத்தவர் 32 என்பார். மேலே சொன்ன 29.5 நாட்காரர் 19 என்பார். கூட்டத்தில் மூன்று விடை வருவதன் காரணம் இதுதான்.

இந்தப் பெருக்கலில் இரண்டு நுணுக்கங்களைக் கவனிக்க வேண்டும். தினசரிக் கூட்டங்கள், குறியீட்டு மறுபார்வை, இடையில் வரும் கேள்விகள் ஆகியவற்றுக்காக நாளில் ஒரு பங்கை மேலும் கழிக்கும் வழக்கம் பல குழுக்களில் உண்டு. 0.65 என்ற விகிதம் அந்த இழப்புகளெல்லாம் நிகழ்ந்த ஸ்பிரிண்டுகளிலிருந்து வந்தது என்பதால், அவை ஏற்கெனவே அதற்குள் இருக்கின்றன. மறுபடி கழித்தால் ஒரே செலவை இரண்டு முறை எழுதியது போலாகும். மணிநேரத்தில் திட்டமிட்டு, விகிதம் எதையும் பயன்படுத்தாத குழுவுக்கு மட்டும் அந்தக் கழிவு தேவைப்படும்.

மற்றது இன்னும் நுட்பமானது. பழைய ஸ்பிரிண்டுகளின் நிகர நாட்களாகத் திட்டமிடும் அன்று கணக்கிட்ட எண்ணையே பயன்படுத்த வேண்டும். முடிந்த பிறகு வருகைப் பதிவைப் பார்த்துத் திருத்திய எண்ணை அல்ல. காய்ச்சலால் ஒருவர் இரண்டு நாள் வரவில்லை என்றால், அது திட்டமிடும்போது யாருக்கும் தெரியாது. பழைய எண்ணைத் திருத்தாமல் வைத்திருந்தால், எதிர்பாராத விடுப்பின் சராசரிப் பாதிப்பு விகிதத்தில் தானாகவே படிந்திருக்கும். அப்போது "யாருக்காவது உடம்பு சரியில்லாமல் போகலாம்" என்று தனியாக நாட்களை ஒதுக்கத் தேவையில்லை. நான் பல மாதங்கள் எண்களை ஒழுங்காகத் திருத்தி வைத்துக்கொண்டிருந்தேன். விகிதம் அழகாக உயர்ந்து நின்றது, ஒப்புக்கொண்ட வேலையோ ஒவ்வொரு முறையும் சிறிது மீந்தது. காரணத்தைக் கண்டுபிடிக்க எனக்கு நெடுநாள் ஆயிற்று.

சப்போர்ட் முறை மாறினால் பழைய விகிதத்தை அப்படியே பயன்படுத்தக் கூடாது. முன்பு டூட்டி இல்லாமல் எல்லாரும் டிக்கெட் பார்த்துவந்த குழு, இப்போது முறைவைத்துப் பார்க்கத் தொடங்கினால், பழைய விகிதத்தில் சப்போர்ட் இழப்பு ஏற்கெனவே கலந்திருக்கிறது. அதன்மேல் 0.6 வீதம் கழிப்பது மீண்டும் இரட்டைக் கழிவாகும். புதிய முறையில் மூன்று ஸ்பிரிண்டுகள் கடந்த பின்னரே விகிதத்தை நம்பலாம்.

எண் சரியாக இருந்தும் ஸ்பிரிண்ட் கவிழ்வது எங்கே

40.1 என்பது ஆறு பேரின் கூட்டல். ஆனால் பெரும்பாலும் ஒரு ஸ்டோரி முடிய வேண்டுமானால் பின்தளம், முகப்பு, சோதனை மூன்றையும் கடக்க வேண்டும். ஆகவே பாயிண்டைத் தீர்மானிக்கும் முன், மிகக் குறுகலான இடம் எது என்று பார்க்க வேண்டும். இந்த ஸ்பிரிண்டில் அது சோதனை.

சோதனையாளருக்கு 6 நாட்கள் இருக்கின்றன. அவை 1, 2, 9, 10, 11, 12 ஆகிய தேதிகள். அவர் ஒரு நாளில் ஏறத்தாழ 4 பாயிண்ட் அளவிலான வேலையைச் சோதித்து முடிப்பவர் என்றால், மேலோட்டமாக 24 என்று விடை வந்து மனம் நிம்மதி அடைகிறது. ஆனால் 1, 2 தேதிகளில் இந்த ஸ்பிரிண்டின் வேலை எதுவும் சோதனைக்குத் தயாராக இருக்காது. முந்தைய ஸ்பிரிண்டிலிருந்து நிரல் முடிந்து காத்திருக்கும் 4 பாயிண்ட் மட்டுமே அந்த நாட்களுக்கு இருக்கிறது. எஞ்சிய நான்கு நாட்களில் 16. மொத்தம் 20தான். 26ஐ ஒப்புக்கொண்டிருந்தால், 12ஆம் தேதி மாலை பலகையில் ஆறு பாயிண்ட் சோதனைத் தூணில் தேங்கி நிற்கும்; நிரலாளர்களோ தங்கள் பங்கை முடித்திருப்பார்கள்.

இதைத் தீர்க்க ஒரு வழி, முதல் முகப்பு நிரலாளரை 4, 8 ஆகிய இரு நாட்களும் சோதனைக்கு வைப்பது. அவருக்குத்தான் 8.5 நாட்கள் இருக்கின்றன. பழக்கமில்லாத வேலை என்பதால் நாளுக்கு 2 பாயிண்ட் என்று தாழ்வாகவே கொண்டால், மேலும் 4 சேர்ந்து 24 ஆகும். தான் எழுதியதைத் தானே சோதிக்காமல், பின்தள ஸ்டோரிகளை அவர் எடுக்க வேண்டும். அதற்கு, 3ஆம் தேதி மாலைக்குள் சிறிய பின்தள ஸ்டோரிகள் குறைந்தது இரண்டு தயாராக வேண்டும். மூத்தவர் முதல் வாரத்தில் டூட்டியில் இருப்பதால் அவர் கையில் 1.2 நாட்கள் மட்டுமே உள்ளன. ஆகவே அந்தச் சிறிய ஸ்டோரிகளை இளையவரும் நாகர்கோவில்காரரும்தான் எடுக்க வேண்டும். மூத்தவருக்குப் பெரிய ஸ்டோரி ஒன்றை 8ஆம் தேதி தொடங்கக் கொடுக்கலாம், ஆனால் 10ஆம் தேதிக்குள் சோதனைக்குப் போகும் அளவில் அதை வெட்டிக்கொள்ள வேண்டும். இளையவருக்கு இரண்டாம் வாரத்தில் 2 நாட்கள்தான் மீதம் என்பதால், அவரிடம் புதிதாக எதையும் அப்போது தரக் கூடாது.

இவ்வளவையும் பார்த்த பின் நான் 24 பாயிண்ட் ஒப்புக்கொள்வேன். அதில் 4 முன்பே நிரல் முடிந்தவை. 26இல் மீதி 2 பாயிண்டுக்கான ஸ்டோரியைச் சோதனை தேவைப்படாத வேலையாகத் தேர்ந்து, இடம் இருந்தால் எடுக்கலாம் என்று பட்டியலின் கீழே வைப்பேன்.

திட்டம் தவறுகிறதா என்பதை 9ஆம் தேதி காலையிலேயே அறியலாம். அன்று சோதனையாளர் திரும்பும்போது, முகப்பு நிரலாளர் சோதித்து முடித்தவை போக, அவருக்காகக் குறைந்தது 4 பாயிண்ட் தயாராகக் காத்திருக்க வேண்டும். இல்லையென்றால் அவருடைய நான்கு நாட்களில் ஒன்று வெறுமையாகப் போகும், 24 கிடைக்காது. வேலையின் உரிமையாளரிடம் எதை விடலாம் என்று அன்றே பேசிவிட வேண்டும். 12ஆம் தேதி முடிந்ததும் 40.1 என்ற எண்ணையும் முடித்த பாயிண்டையும் பட்டியலில் ஆறாவது வரியாக எழுதி, பழைய முதல் வரியை நீக்கிவிட்டால், 15ஆம் தேதி தொடங்கும் ஸ்பிரிண்டுக்கு விகிதம் தயாராக இருக்கும்.